ஏழாம் படுக்கையின் வயிறு

மருத்துவக் கல்லூரியில் அவளை யாரும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். நோயாளியின் வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தபடி நிற்பாள்; விநாடி முள் ஒரு முழுச் சுற்று வரும்வரை எடுக்க மாட்டாள். மற்றவர்கள் நாலு விநாடி வைத்துவிட்டு, சத்தம் இருக்கிறது என்று எழுதிவிட்டு, டீ குடிக்கப் போயிருப்பார்கள். பெயர் வைத்தவன் அவளுடைய வகுப்புத் தோழன். அவனுக்கே தபால் என்று பெயர். வார்டில் நடக்கிற எல்லாச் சேதியையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் தொழில்.

நேரம் பார்க்கிற இந்தப் பழக்கத்தாலேயே அவள் போன முறை அறுவைசிகிச்சைத் தேர்வில் கோட்டை விட்டாள். ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம். கிடைத்த வயிறோ படு சோம்பேறி; முதல் ஒன்றரை நிமிடம் அது வாயே திறக்கவில்லை. சத்தம் இல்லை என்று சொல்வதானால் இரண்டு மூன்று நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும் என்று படித்திருந்தாள், கேட்டாள். மூன்றாம் நிமிடம்தான் குடல் மனசு வைத்து ஒரு உறுமல் உறுமியது. அதற்கு முன்னும் பின்னும் நிதானமாகச் செய்ததில், கல்லீரலைத் தொட்டுப் பார்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது. நோயாளி வீட்டுக்குப் போன பிறகும் நீ கேட்டுக்கொண்டிருப்பாய் போலிருக்கிறதே என்று தேர்வு நடத்திய சீஃப் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள், வேறு என்ன செய்ய.

ஆறு மாதம் போயிற்று. கூடப் படித்த பாதிப் பேர் கழுத்தில் அடையாள அட்டை தொங்கப் பயிற்சி மருத்துவர்களாகத் திரிந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், டாக்டரம்மா எப்போது வருவார்கள் என்று விசாரிப்பார். அப்பா கேட்பதையே விட்டுவிட்டார். பரீட்சை என்ற பேச்சு எடுத்தால் போதும், டிவியின் சத்தத்தை இரண்டு புள்ளி கூட்டி வைப்பார். அந்த இரண்டு புள்ளிதான் அவளை அரித்துத் தின்றது. இந்த முறையும் போனால் வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சீஃப் என்பவர் அந்த அறுவைசிகிச்சைப் பிரிவின் தலைவர். மனுஷரை என்ன வேண்டுமானாலும் திட்டலாம். பாடம் நடத்துவதில் குறை சொல்ல முடியாது. வயிற்றைப் பரிசோதிக்கிற வரிசையை அவர் சொல்லிக்கொடுத்தால் மண்டையில் ஆணி அடித்தது போல நிற்கும். மற்ற உறுப்புகளுக்கெல்லாம் பார்த்து, தொட்டு, தட்டி, கடைசியில் கேட்க வேண்டும். வயிற்றுக்கு மட்டும் அது செல்லாது. பார்த்த கையோடு கேட்டுவிட வேண்டும். அப்புறம்தான் தட்டுவதும் தொடுவதும். முதலிலேயே அமுக்கிப் பிசைந்தால் குடல் கலைந்துவிடும், பிறகு கேட்கிற சத்தம் அதனுடைய சத்தம் இல்லை, உங்கள் கை கிளப்பிவிட்ட சத்தம் என்பார். தொடும்போது வலிக்கிற இடத்தில் போய் முதலில் கை வைக்கிறவனை வார்டை விட்டே துரத்துவார். வலிக்கு எட்டாத மூலையில் தொடங்க வேண்டும், கண் வயிற்றில் இருக்கக் கூடாது, நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும்.

சத்தத்தைப் பற்றி அவர் சொன்னதையும் அவள் நோட்டில் எழுதி வைத்திருந்தாள். சாதாரணக் குடல் நிமிடத்துக்கு ஐந்திலிருந்து முப்பது முறை பேசும். வழி அடைபட்ட குடல் முண்டும். சத்தம் கூடும், கீச்சென்று உலோகத்தில் சொட்டுவது போலக் கேட்கும், வலி அலையாக வரும்போது சத்தமும் சேர்ந்து பாயும். அதே குடல் திடீரென்று ஊமையானால் பயப்பட வேண்டும். ரத்த ஓட்டம் போய் அழுகத் தொடங்கியிருக்கலாம், ஓட்டை விழுந்து வயிறு முழுக்க அழற்சி பரவியிருக்கலாம். அடைப்பு வலிக்காரன் புரண்டு புரண்டு துடிப்பான், அழற்சிக்காரன் மூச்சு விடவும் பயந்து ஆடாமல் கிடப்பான். துடித்தவன் ஆடாமல் கிடந்தால் அவன் தேறிவிட்டான் என்று நினைக்கிறவன் மடையன். இதெல்லாம் சீஃப் சொன்னதுதான், வார்த்தைக்கு வார்த்தை.

ஏழாம் படுக்கையில் இருந்தவர் பஸ் டிரைவர். பல வருஷத்துக்கு முன்னால் நடந்த ஆபரேஷனின் தழும்புக்குக் கீழே குடல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வழியை மறித்திருந்தது. வாந்தியும் உப்பிய வயிறுமாக வந்தவரை மூக்கில் குழாய் போட்டு, டிரிப் ஏற்றி வைத்திருந்தார்கள், கொஞ்சம் தணிந்திருந்தது. கத்தி வைக்கலாமா, இன்னும் பொறுக்கலாமா என்ற கட்டத்தில் தேர்வு குறுக்கே வந்தது. இவ்வளவு தெளிவாகச் சத்தம் கேட்கிற வயிறு தேர்வுக்குச் சுலபத்தில் கிடைக்காது, நாளை வரை இருக்கட்டும் என்று சீஃப் சொல்லிவிட்டார். பிள்ளைங்க படிக்கணும்ல, இருந்துட்டுப் போறேன் என்று டிரைவரும் ஒத்துக்கொண்டார்.

தேர்வு நோயாளிகளைப் பற்றி முன்கூட்டியே துப்பு வாங்குவது அங்கே ஊரறிந்த ரகசியம். தாத்தா காலத்து மாணவர்களும் செய்திருப்பார்கள், சீஃப்பும் செய்திருப்பார். முந்தின நாள் மாலை தபால் எல்லோருடைய போனுக்கும் அனுப்பிவிட்டான்: ஏழாம் படுக்கை, அடைப்பு, தழும்பு பார்க்க மறக்காதே, குடல் சத்தம் அதிகம், வலது கீழ்ப்பக்கம் லேசான வலி, வயிறு மிருது. கடிகாரம் அதை மட்டும் நம்பாமல் தானே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். உண்மைதான். தகரக் கூரையில் மழை சொட்டுகிற மாதிரி சத்தம். ஒவ்வொரு அலைக்கும் டிரைவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார், அலை போனதும் சிரித்தார். உள்ளே யாரோ கிளட்சை மிதிக்காமல் கியர் மாற்றுகிறார்கள் என்றார். அவருடைய மனைவி, பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறவர், தான் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, டாக்டரம்மா வந்திருக்காங்க, ஒழுங்காப் பேசுங்க என்று அதட்டினார். இன்னும் டாக்டர் ஆகவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை வார்டைப் பார்க்க வேண்டுமே! தரையைத் துடைத்து, விரிப்பை மாற்றி, படுக்கைக்குப் படுக்கை எண் எழுதிய அட்டை ஒட்டி, வெளியிலிருந்து வந்த தேர்வாளருக்குப் பிஸ்கட் தட்டு வேறு. தேர்வு நாள் என்பதால் காலை ரவுண்ட்ஸ் இல்லை. நாடி, காய்ச்சல் எழுதுகிற தாளில் எட்டு மணிக் கட்டத்தில் ஆறு மணிக் கணக்கையே யாரோ பார்த்து எழுதியிருந்தார்கள். விடியும்போது டிரைவருக்கு வலி தாங்கவில்லையாம். தேர்வு நேரத்தில் அமைதியாக இருக்கட்டும் என்று ஒரு ஊசி போட்டிருந்தார்கள். அமைதியாகத்தான் இருந்தார்.

அவளுக்கு முன்னால் எட்டுப் பேர் அந்த வயிற்றைப் பார்த்துவிட்டார்கள். ஒன்பதாவதாக அவள் போனாள். மணி பத்து நாற்பது.

கால்மாட்டில் நின்று பார்த்தாள். நேற்று நெளிந்த மனுஷர் இன்று மல்லாக்கப் படுத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி, கண்ணை மட்டும் அவள் பக்கம் திருப்பினார். மூச்சு நெஞ்சோடு நின்றது. வயிறு ஏறி இறங்கவில்லை. கையைப் பிடித்தாள். நாடி விரலுக்கடியில் ஓடியது. நெற்றியில் வியர்வை.

"வலி எப்படிங்கய்யா இருக்கு?"

"அலை அலையா வந்துட்டு இருந்தது நின்னுபோச்சும்மா. இப்போ ஒரே மாதிரி இருக்கு. இன்னும் எத்தனை பேர் வருவாங்க?"

இன்னும் மூன்று பேர் என்றாள். சரி என்பது போல் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஸ்டெதஸ்கோப்பின் வாயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கித் தொப்புளுக்கு வலப்பக்கம் வைத்தாள். மணிக்கட்டைத் திருப்பினாள். பத்து நாற்பத்து மூன்று. ஒரு சுற்று ஓடியது. ஒன்றும் இல்லை. இரண்டாவது சுற்று. அவளுடைய சொந்த ரத்தம் காதில் இரைவது கேட்டது, பக்கத்துப் படுக்கையில் ஒருவன் பாடம் ஒப்பிப்பது கேட்டது, வயிற்றிலிருந்து ஒரு பொட்டுச் சத்தம் வரவில்லை. இந்த முறையும் நேரத்தைத் தின்கிறாயே என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. இருந்தும் பழகிய கை எடுக்க விடவில்லை. மூன்றாவது சுற்றும் முடிந்தது. பத்து நாற்பத்து ஆறு.

ஊசியாக இருக்கலாம் என்று நினைத்தாள். அந்த ஊசி குடலையும் கொஞ்சம் மந்தமாக்கும், அது உண்மைதான். அந்த நினைப்பை அவள் எப்படிப் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. ஏனென்றால் அடுத்ததாக அவள் தட்டினாள். ஒரு விரலை வயிற்றில் வைத்து அதன்மேல் இன்னொரு விரலால், கதவுக்கு வெளியே நின்று தயங்கித் தட்டுகிற மாதிரி, அவ்வளவு மெதுவாக. டிரைவரின் முகம் சுருங்கியது. இடப்பக்கம் தட்டினால் வலப்பக்கம் வலித்தது. உள்ளங்கையை வலிக்கு எட்டாத மூலையில் வைத்தாள். வயிறு அவள் கைக்குக் கீழே பலகையாக நின்றது. பயத்தில் இறுக்குகிறாரோ என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். எந்தத் தடத்தில் வண்டி ஓட்டினீர்கள் என்று கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டே இருந்தார், வயிறு மட்டும் இளகவில்லை. தானாக இறுக்கினால் பேச்சில் இளகும். உள்ளே அழற்சி என்றால் ஆள் நினைத்தாலும் இளகாது. இதற்கு ஊசி காரணம் இல்லை என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும்.

"முன்னாடி வந்தவங்க எல்லாம் வந்ததும் அமுக்கினாங்க" என்றார் டிரைவர். "பல்லைக் கடிச்சுக்கிட்டேன். நீங்கதாம்மா மெதுவா பார்க்கறீங்க."

மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. கண்டதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சீஃப்பும் வெளித் தேர்வாளரும் அடுத்த படுக்கையிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தார்கள். சீஃப் என்னவோ சொல்ல, வந்தவர் சிரித்தார். இந்த வயிற்றில் சத்தம் அதிகம் என்பது சீஃப் தன் வாயால் சொன்ன முடிவு. எட்டுப் பேர் அதையே எழுதியிருந்தார்கள். போன முறை பெயிலான ஒருத்தி, விருந்தாளிக்கு எதிரே, நீங்கள் காட்சிக்கு வைத்திருக்கிற வயிறு செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. அவள் தாளைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள், அப்பாவின் டிவி ஞாபகம் வந்தது.

குடல் சத்தம்: அதிகம் என்று எழுதினாள். வலது கீழ்ப்பக்கம் லேசான வலி. வயிறு மிருது. பழக்கதோஷத்தில் பக்கத்திலேயே 10.43 - 10.46 என்றும் எழுதினாள்.

வெளித் தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் தபால் அனுப்பிய வரிசையிலேயே பதில் சொன்னாள். சத்தம் அடங்கினால் என்ன நினைப்பாய் என்று அவர் கேட்டார். அழுகலோ ஓட்டையோ என்று நினைப்பேன், தாமதிக்க மாட்டேன் என்றாள், குரல்கூட நடுங்காமல். நல்ல பதில் என்றார் அவர். டிரைவர் படுத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சீஃப் தோளில் தட்டி, இந்தத் தடவை நேரத்துக்கு முடித்துவிட்டாயே என்றார்.

இன்னும் இரண்டு நோயாளிகள் பாக்கி. அது முடிந்ததும் சொல்லிவிடலாம் என்று தனக்குத் தானே தவணை கொடுத்துக்கொண்டாள். வரிசையில் காத்திருந்து முடித்தபோது பன்னிரண்டு பத்து. ஓட்டமாக ஓடிச் சிஸ்டரிடம் சொன்னாள்: ஏழாம் படுக்கை வயிறு பலகையாக இருக்கிறது, உடனே யாரையாவது கூப்பிடுங்கள். சிஸ்டர் போய்ப் பார்த்த மாத்திரத்தில் கத்தினாள். டூட்டி டாக்டர் தேர்வு அறையில் இருந்தார், சீஃப் விருந்தாளியோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். ஆளைத் திரட்டி ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகும்போது பிற்பகல் இரண்டு மணி ஆயிற்று. வயிற்றைத் திறந்தால் ஒரு முழம் குடல் கறுத்து, ஓட்டை விழுந்து, எல்லாம் சிந்திக் கிடந்தது. வெட்டி எடுத்தார்கள், கழுவினார்கள். மூன்றாம் நாள் மதியம் டிரைவர் இறந்துபோனார். உதவிக்கு நின்ற இளைய டாக்டர், காலையிலேயே உள்ளே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று சத்தியம் பண்ண முடியாது, வாய்ப்பு நிச்சயம் கூடியிருக்கும் என்றார். அவளிடம் இல்லை, லிஃப்டில் வேறு யாரிடமோ. அவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

டிரைவர் இறந்த அன்று மாலையே தேர்வு முடிவு வந்தது. பாஸ். அப்பா டிவியை அணைத்துவிட்டு எழுந்து வந்து அவள் தலையில் கை வைத்தார். அக்கா வீட்டுக்காரர் மாலை வாங்கி வரட்டுமா என்று போனில் கேட்டார். அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

டிரைவரின் மனைவி புகார் கொடுத்தார். என் வீட்டுக்காரரைப் பரீட்சைக்கு வைத்துச் சாகடித்துவிட்டார்கள் என்று, இரண்டே வரி. பத்து நாள் கழித்து மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அறையில் விசாரணை வைத்தார்கள். நீள மேஜை; விசாரணைக் குழுவின் தலைவர் நடுவில், சீஃப் ஓரத்தில். டிரைவரின் மனைவியைக் கதவருகே நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். மாணவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். அவளுக்கு முன்னால் பார்த்த எட்டுப் பேரும் எழுதினதுதான் கண்டது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதினது வேறு, கண்டது வேறு என்று சொல்ல அவர்களுக்கு வழியும் இல்லை. அவர்கள் காதை வைத்தது நாலு விநாடி, கேட்டது தபாலின் சேதி.

அவள் போனபோது குழுத் தலைவர் அவளுடைய தாளைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். மற்றவர்கள் சத்தம் என்று எழுதியதோடு சரி, இந்தப் பெண் மட்டும்தான் மூன்று நிமிடம் கேட்டு நேரமும் குறித்திருக்கிறாள் என்று மேஜையைச் சுற்றிக் காட்டினார். இவள் எப்போதும் அப்படித்தான், கடிகாரம் என்றே பெயர் என்றார் சீஃப், பெருமையாக. ஆக, பத்து நாற்பத்தாறு வரை குடல் நன்றாக இருந்திருக்கிறது, ஓட்டை அதற்குப் பிறகு திடீரென்று விழுந்தது, பன்னிரண்டு மணிக்குத் தெரிந்ததும் நடவடிக்கை எடுத்தாகிவிட்டது, யார்மேலும் குறை இல்லை. தலைவர் சொல்லச் சொல்லக் குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார்.

"அது பொய் சார்" என்றாள்.

 அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று நிமிடமும் ஒரு சத்தமும் இல்லை. தட்டினாலே வலித்தது. வயிறு பலகை. தபாலின் சேதி, சீஃப் சொன்ன முடிவு, போன முறை பெயிலானது, ஒன்று விடாமல். பாஸை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். 

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தாலாவது தேவலாம்.

"இது நீ கையெழுத்துப் போட்ட தாள்மா. நேரம் வேற போட்டிருக்க. ஆள் போனதுக்கப்புறம் மனசு உறுத்துதுன்னு இன்னைக்கு ஒண்ணு சொன்னா, நாங்க எதை எடுத்துக்கறது?"

தன் கண் முன்னால் நடக்கிற முதல் சாவு எல்லோரையும் இப்படித்தான் பண்ணும் என்றார் சீஃப், கனிவாக. நாமே கொன்றுவிட்டதாகத் தோன்றும், தூக்கம் கெடும், போகப் போகச் சரியாகும், நாலு நாள் லீவு எடுத்துக்கொள் என்றார். அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. குமாஸ்தா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். தலைவர் தலையசைத்தார், வேண்டாம் என்று. தாள் கோப்புக்குள் போயிற்று. அவள் எழுதிய எழுத்து, அவள் வாயைவிட யோக்கியமானதாக, நாடா கட்டிப் பத்திரமாயிற்று.

வெளியே வந்தாள். நடைகூடத்தில் டிரைவரின் மனைவி பின்னாலேயே வந்து நின்றார். கையில் டிரைவரின் சாப்பாட்டு டப்பா வைத்த துணிப்பை. அடிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள், அடித்தால் தேவலை என்றும் இருந்தது. அந்த அம்மா அடிக்கவில்லை. ஒரு கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி நிதானமாகக் கேட்டார்.

"அவங்க எட்டுப் பேருக்கும் ஒண்ணும் தெரியலை. அப்படித்தானே?"

"ஆமாங்கம்மா."

"உனக்குத் தெரிஞ்சிருக்கு."

 அந்த அம்மா கொஞ்ச நேரம் அவளுடைய மணிக்கட்டையே பார்த்தார்.

"நீ மெதுவா பார்த்தன்னு தியேட்டருக்குப் போகும்போது சொன்னாரு. அந்தப் பொண்ணு நல்லா வரும்னாரு."

சொல்லிவிட்டுப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார்.